ஷட்ஜம் வராத நான்கு நிமிடங்கள்

சித்தராம் ஐந்தரைக்கு எழுந்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். டீ குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு கூடத்து மூலையில் நின்ற தம்பூராவின் உறையைக் கழற்றி, குடத்தைத் துணியால் துடைத்து, பாயில் உட்கார்ந்து சுருதி சேர்த்தான். நடுக் கம்பிகள் இரண்டும் ஷட்ஜம். கடைசிக் கம்பி கீழ் ஷட்ஜம். முதல் கம்பி நிஷாதம். ராத்திரி பெய்த மழையில் அது கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏற்றினான். கம்பிகளைத் தாங்கும் குதிரைக் கட்டை மேல் கிடந்த நூலை மயிரிழை நகர்த்தியதும் கம்பி ரீங்கரித்தது. இரண்டு நிமிடம் மீட்டினான். யாரும் பாடவில்லை. உறையை மாட்டினான். ரொட்டிக்காரம்மா சோள ரொட்டியும் கத்திரிக்காயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஏழு மாதமாக இதே காலைதான். அவன் தார்வாட் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். வயது முப்பத்தொன்று. பாட்டுக்காரன் இல்லை. பாட்டுக்காரி அவன் மனைவி நீலாம்பிகா. ஆறு வருஷம் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா போட்டவன், அவ்வளவுதான்.

அன்று மட்டும் ஏழு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சங்கீத மண்டலியின் செயலாளர் வாதிராஜ் தேசாய், நடைப்பயிற்சி முடித்த வேர்வையோடு வந்து நின்றார். கையில் நீலாம்பிகாவின் நினைவு மலர்.

"சித்தராம், சாயங்காலம் அஞ்சரைக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"நீலாவோட ரெக்கார்டிங் போடறோம். மேடையில அவ தம்பூரா இருக்கணும். நீங்கதான் வாசிக்கணும். எப்பவும் போல." சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணு. முதல் கம்பியைப் பஞ்சமத்துல வச்சுக் கொண்டு வாங்க."

"அவ பாடினது மார்வா ராகம் சார். மார்வாவுல பஞ்சமம் கிடையாது."

"தெரியும்ப்பா. நாற்பது வருஷமா மண்டலி நடத்தறேன், எனக்கா சொல்றீங்க?" அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டுடியோ பையன் கொஞ்சம் சரி பண்ணியிருக்கான். பழைய தம்பூரா சத்தம் சன்னமா இருந்துச்சுன்னு அடியில புதுசா ஒண்ணு போட்டிருக்கான். அது பஞ்சமம். ரெண்டும் சண்டை போடக் கூடாதில்ல?"

"வேற என்ன சரி பண்ணான்?"

தேசாய் ஜன்னல் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர்தான். நீலாவுக்கு முதல் மேடை கொடுத்தவர். ஆபரேஷனுக்குப் பணம் திரட்டக் கடை கடையாக ஏறி இறங்கியவர்.

"கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு அன்னிக்கு உடம்பு முடியாமப் பாடிச்சு. இருதயம் அந்த நிலைமை. மூச்சுப் பிடிக்க முடியல. எந்த வரியும் ஸாவுல வந்து முடியல. ரிஷபத்துலயே தொங்குது, தைவதத்துலயே தொங்குது. வெளியூர்க்காரன் கேட்டா என்ன சொல்வான்? ஷட்ஜம் பிடிக்கத் தெரியாதவள்னு சொல்வான். செத்தவளை எவனும் அப்படிச் சொல்லக் கூடாதுன்னுதான் பண்ணினேன். பத்து மணிக்குப் போய் ஒரு தடவை கேட்டுடுங்க."

அவர் போனபின் சித்தராம் நாற்காலியை நகர்த்தி வைத்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எத்தனையோ சொன்னார்கள். எதுவும் உள்ளே போகவில்லை. இது போனது.

*

ஸ்டுடியோ ஒரு மருந்துக் கடைக்கு மேல் இருந்தது. பிரஜ்வல் என்ற இளைஞன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமலே வணக்கம் சொன்னான். நல்ல வேலைக்காரன். சினிமாப் பாட்டுக்கெல்லாம் அவனிடம்தான் வருவார்கள்.

"இருபத்திரண்டு நிமிஷம் இருந்துச்சு சார். ஒம்பது ஆக்கியிருக்கேன். கேளுங்க."

கேட்டான். நீலாவின் குரல்தான். ஒவ்வொரு ஸ்வரமும் அவளுடையதுதான். ஆனால் வரிக்கு வரி வந்து ஷட்ஜத்தில் உட்கார்ந்தது, வேலைக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்பும் குமாஸ்தா போல. அடியில் பஞ்சமம் ரீங்கரித்தது.

"இவ்வளவு ஸா எங்கேர்ந்து வந்துச்சு?"

"கடைசியில அம்மா ஒரு நீளமான ஸா பாடியிருக்காங்க சார், சூப்பர் ஸா. அதை நறுக்கி ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒட்டினேன்." பிரஜ்வல் பெருமையாகத் திரையைக் காட்டினான். "நடுவுல சும்மா நிக்கிற இடமெல்லாம் வெட்டிட்டேன். எந்த ஸ்வரமும் மாத்தல. ஆறு ஸ்வரம், ஆறும் அப்படியே இருக்கு. அதானே சார் ராகம்?"

சித்தராமுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கல்யாணமான புதிதில் அவனே இதைத்தான் கேட்டான். அப்போது நீலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மார்வா, பூரியா, ஸோஹினி ராகங்கள் மூன்றுக்கும் அதே ஆறு ஸ்வரம், பஞ்சமம் கிடையாது, ரிஷபம் சின்னது, மத்யமம் பெரியது என்று அவள் சொல்ல, அவன் சிரித்தான்: "அப்ப ஒரே ராகத்துக்கு மூணு பேரு. நிரூபிச்சாச்சு." அவள் கத்தியை அவன் பக்கம் நீட்டினாள். "ஓஹோ, ப்ரொபசரே! நம்ம வீட்லயும் மூணு அறை. எதிர் வீட்லயும் மூணு அறை. அளந்தா ஒரே அளவு. அதுக்காக அந்த வீட்ல போய்ப் படுத்துக்குவீங்களா? ஸ்வரம் வெறும் அறைங்க. எந்த அறையில பொழுது பூரா உட்கார்றோம், எதைத் தாண்டிப் போறோம், எந்தக் கதவு வழியா உள்ள வர்றோம், அதான் ராகம். பூரியா காந்தாரத்துல சாய்ஞ்சு உட்கார்ந்துக்கும், நிஷாதத்துக்குப் போயிட்டு வரும், ராத்திரி ஏற ஏறக் கீழேயே புழங்கும். ஸோஹினி மாடிய விட்டு இறங்கவே இறங்காது. மார்வா இருக்கே, அது வீட்டைச் சுத்திச் சுத்தி வரும். வாசப்படி வரைக்கும் வரும், உள்ள போகாது. ரிஷபத்துல நிக்கும். தைவதத்துல நிக்கும். ஸாதான் வீடு. எல்லாருக்கும் தெரியும் அங்க இருக்குன்னு. போக மாட்டோம்."

"ஏன்?"

"சூரியன் விழற நேரம். அந்த நேரத்துல உள்ள போகப் பிடிக்குமா உங்களுக்கு?"

பிரஜ்வலிடம் சித்தராம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வெட்டாதது இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்கு சார். ஆனா சாயங்காலம் இது ஓகே ஆயிட்டா அழிச்சிடுவோம். இடமில்ல."

"எனக்கொரு காப்பி குடு."

"மண்டலியோடது சார். செயலாளர் லெட்டர் இல்லாம குடுத்தா என் வேலை போயிடும்." அவன் நெளிந்தான். "இங்கேயே வேணா கேளுங்க."

சித்தராம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ஆறு பத்தி போட்டுக் கோடு இழுத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான்.

அன்று தான் மீட்டிய தம்பூரா கேட்டது, நிஷாதத்தோடு. பிறகு அவள். ஒரு வரி எங்கே நிற்கிறதோ அந்தப் பத்தியில் ஒரு கோடு. கீழ் நிஷாதத்தில் தொடங்கினாள், தைவதத்துக்கு இறங்கினாள், மறுபடி நிஷாதம் தொட்டு, நடுவில் இருக்கும் ஷட்ஜத்தைத் தாண்டி, நேரே ரிஷபம். அங்கே நின்றாள். ஷட்ஜத்துக்கு அரை ஸ்வர தூரம். தம்பூரா ஸா, ஸா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் போகவில்லை. காந்தாரம், மத்யமம், தைவதம். நின்றாள். இறங்கினாள். மறுபடி ரிஷபம். ரிஷபத்தில் கோடுகள் வேலி மாதிரி வளர்ந்தன. தைவதத்தில் அதற்குக் கொஞ்சம் குறைவாக. காந்தாரத்திலும் நிஷாதத்திலும் ஒன்றிரண்டு. ஷட்ஜப் பத்தி நான்கு நிமிடம் பத்து விநாடி வரை வெள்ளையாக இருந்தது.

முதல் ஷட்ஜத்தில் அவள் வந்து நின்றபோது பிரஜ்வல், பாட்டைக் கவனிக்காமல் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்தான்.

கடைசியில் அந்த நீண்ட ஸா வந்தது. சித்தராம் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தொன்பது விநாடி. ஒரே மூச்சு. நடுங்கவில்லை, இறங்கவில்லை.

"மூச்சுப் பிடிக்க முடியலையாம்," என்றான் சித்தராம். அது அவன் குரல் மாதிரியே இல்லை. "மூச்சில்லாதவ பத்தொம்பது விநாடி பிடிப்பாளா? அதை வெட்டித்தான் நீ ஒட்டுப் போட்டிருக்க."

பிரஜ்வல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

மண்டலியின் கூடத்தில் நூற்றைம்பது பேர் இருக்கும். தார்வாட்டில் கூட்டம் அப்படித்தான்: வாசலில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே ராகத்துக்குச் சண்டை போடுகிறவர்கள். மேடையில் மாலை போட்ட படம். பக்கத்தில் பாய். சித்தராம் தம்பூராவோடு உட்கார்ந்தான். நீலாவுக்குத் தபலா வாசித்த தஸ்தகீர், அறுபது வயதுக்காரர், முதல் வரிசையிலிருந்து கையை அசைத்தார்.

தேசாய் குனிந்து காதருகே வந்தார். "பஞ்சமம் வச்சாச்சா?"

"இல்ல சார்."

"சித்தராம்!"

"நிஷாதம்தான் இருக்கும். அதை இறக்க மாட்டேன்."

"அப்ப தொடாதீங்க. சும்மா பிடிச்சுக்கிட்டு உட்காருங்க." தேசாயின் முகம் சிவந்துவிட்டது. "இன்னிக்குப் போய் இப்படி..."

சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்பது நிமிடம் ஓடியது. கைதட்டினார்கள். மரியாதைக் கைதட்டல். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், படத்தைப் பார்த்து.

தேசாய் மைக்கை எடுக்குமுன் சித்தராம் எடுத்துவிட்டான். மேடையில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. கூடம் அடங்கியது.

"ஒரு கேள்வி. இப்ப கேட்டீங்களே, அது என்ன ராகம்?"

சிலர் மலரைப் புரட்டினார்கள். பிறகு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அங்கடி, பின்வரிசையிலிருந்து, "பூரியா," என்றார். "வரிக்கு வரி காந்தாரத்துக்குப் போயிட்டு ஸாவுக்கு வருதே. பூரியாதான்."

"காது அடைச்சுப் போச்சா மாஸ்தரே?" பெண்கள் பக்கத்திலிருந்து சாந்தக்கா எழுந்தாள். "தம்பூராவுல பஞ்சமம் கத்துது. பூரியாவுல ஏது பஞ்சமம்? பஞ்சமம் இருக்கிற பூரியா கல்யாண்னு சொல்லுங்க."

"பாட்டுல பஞ்சமம் எங்கம்மா வந்துச்சு?"

"வரலைதான். அதான் எனக்கும் புரியல."

"மலர்ல மார்வான்னு போட்டிருக்கு," என்றார் யாரோ.

"மலர்ல என் வயசைக் கூட அம்பத்தி ரெண்டுன்னு போட்டிருக்கு!" என்றார் தஸ்தகீர். கூடம் சிரித்தது. அவர் எழுந்தார். சிரிக்கவில்லை. "இந்த ரெக்கார்டிங்ல வாசிச்சவன் நான். அல்லா சத்தியமா, இது என்னன்னு எனக்கே தெரியல. பன்னெண்டு மாத்திரை தாளம் வாசிச்சேன். அதுல ஒரு இடத்துல பதினொண்ணரை வருது. மிச்ச அரையை எவன் தின்னான்?"

பிரஜ்வல், ஒலிப்பெட்டிக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டான்.

"இது நீலா பாடினதில்ல," என்றான் சித்தராம். "அவ பாடினது வேற. அது அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. இன்னிக்கு சாயங்காலத்தோட அழியப் போகுது. அவளால ஸா பிடிக்க முடியலன்னு சொல்றாங்க. நான் பாட்டுக்காரன் இல்ல. கேட்டு எண்ணினேன். முழுசாப் போடச் சொல்லுங்க. கேட்டுட்டு நீங்களும் அப்படியே சொன்னா அழிச்சுடுங்க. நான் இனிமே இந்தக் கூடத்துக்கு வர மாட்டேன்."

"நேரமில்ல," என்றார் தேசாய். "பாராட்டுரை இருக்கு, விருந்தினர்..."

"வாதிராஜா," தஸ்தகீர் மெதுவாகச் சொன்னார், "பாராட்டுரையை நாளைக்கும் கேக்கலாம். மார்வா பாடுற வேளை இன்னும் அரை மணி நேரந்தான். வெளிய பாரு."

ஜன்னலுக்கு வெளியே புளியமரத்துக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"போடுங்க," என்றார் அங்கடி. "போடு தம்பி," என்றாள் சாந்தக்கா. பஜ்ஜித் தட்டோடு வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

தேசாய் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிரஜ்வல் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான்.

இந்த முறை சித்தராம் மீட்டினான். நி, ஸா, ஸா, கீழ் ஸா. பதிவில் அவனே ஏழு மாதத்துக்கு முன்னால் மீட்டிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

நீலா கீழ் நிஷாதத்தில் தொடங்கினாள்.

முதல் நிமிடத்தில் கூடம் வெறுமனே கேட்டது. இரண்டாவது நிமிடத்தில் அங்கடி முன்னால் சாய்ந்தார். அவள் தைவதத்திலிருந்து மேலே வந்தாள், நிஷாதம், எல்லோரும் அடுத்த படியில் கால் வைக்கத் தயாரானார்கள், அவள் தாண்டி ரிஷபத்தில் நின்றாள். ஒரு பெருமூச்சு கேட்டது. மூன்றாவது நிமிடத்தில் மேல் தைவதத்தில் அவ்வளவு நேரம் நின்றாள், அதுவே வீடோ என்று சந்தேகம் வந்துவிட்டது. தரை நகர்ந்தது போலிருந்தது. தம்பூரா மட்டும் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அடியில் பஞ்சமம் போட்டிருந்தால் அந்தச் சந்தேகமே வந்திருக்காது. பஞ்சமம் எல்லாவற்றையும் கட்டிப்போட்டிருக்கும். அவள் இறங்கினாள். மத்யமம், காந்தாரம், ரிஷபம். வாசப்படி. சாந்தக்கா தன் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். ரிஷபத்தை நீட்டினாள் நீலா. நீட்டினாள். திரும்பிப் போய்விட்டாள்.

"ஐயோ, பாவி!" என்றார் அங்கடி சத்தமாக. யாரும் சிரிக்கவில்லை.

நான்கு நிமிடம் பத்தாவது விநாடியில் அவள் ஷட்ஜத்துக்கு வந்தாள். தயங்காமல், சத்தமில்லாமல், தன் வீட்டுக்குள் நுழைகிறவள் போல. கூடம் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சு விட்டது. ஒரே ஒரு மாத்திரை நின்றாள். மறுபடி வெளியே கிளம்பிவிட்டாள்.

தேசாய் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடமும் ஓடியது. கடைசி ஸா ஆரம்பித்தபோது சித்தராம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அங்கடி விரலை மடக்கி எண்ணினார். பத்தொன்பதில் விரலை நிறுத்தி, "பத்தொம்பது விநாடி!" என்றார் எல்லோருக்கும் கேட்க. வெளியே இருட்டியிருந்தது. 

"என்ன ராகம்?" என்றார் தஸ்தகீர், கூட்டத்தைப் பார்த்து.

பதில் பல இடத்திலிருந்து வந்தது. எல்லாம் ஒரே பதில்: மார்வா. மலரில் போட்டிருந்தது சரிதான் என்று ஒருவர் சொன்னதற்கு மட்டும் சிரிப்பு எழுந்தது.

*

நாற்காலிகளை மடக்கும்போது தேசாய் வந்தார். பிரஜ்வலைக் கூப்பிட்டு, "அந்த ஒம்பது நிமிஷத்தை அழிச்சுடு. முழுசா இருக்கிறதை அவருக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. லெட்டர் நாளைக்குத் தரேன்," என்றார்.

"இப்பவே எழுதிக் குடுங்க சார்," என்றான் சித்தராம்.

தேசாய் அவனை முறைத்தார். பிறகு அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"தப்பு என் மேலதான். அந்தப் பொண்ணு சோர்ந்து போயிருந்ததைக் கண்ணால பார்த்தேன்ல. அதான் காதும் அப்படியே கேட்டுடுச்சு." பேனாவைப் பையில் செருகினார். "ஒண்ணு கேக்கலாமா? இன்னிக்கு நீங்க அந்தக் கம்பியை இறக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? உங்களுக்கு இவ்வளவு பிடிவாதம் உண்டுன்னு தெரியாது. காலையிலயே அது நிஷாதத்துலதான் இருந்திருக்கணும். தினமும் அப்படித்தான் வைக்கிறீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

சித்தராம் நினைவு மலரைப் புரட்டினான். மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, அவளுடைய கடைசி வார்த்தைகள் என்று அச்சடித்திருந்தார்கள்: என் பாட்டெல்லாம் குருவின் பாதங்களுக்கே. யார் சொல்லி எழுதினார்களோ. அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காலையில் சொல்லியிருக்க மாட்டான். புருஷன் சொல்லை யார் சாட்சியாக எடுப்பார்கள்? இப்போது சாட்சி தேவைப்படவில்லை.

"இதை அவ சொல்லல சார்," என்றான்.

"பின்ன?"

ஏழு மாதத்துக்கு முன், ஆபரேஷன் அறைக் கதவு. சக்கரப் படுக்கையைத் தள்ளியவர்கள் ஒரு நிமிடம் நின்றார்கள். அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முதல் கம்பிய நிஷாதத்துலயே விடுங்க, பஞ்சமத்துக்கு இறக்கிடாதீங்க. ஸாவைத் தொடாம நாலு நிமிஷம் பத்தல. வந்ததும் ஆறாக்கிக் காட்டறேன்."